பூஜ்யத்துக்கு முன் பத்து நிமிஷம்

யாருடைய ஏழு மணி?

மாலை ஏழு மணிக்கு யூடியூபில் நேரலையாக நடக்கவிருக்கும் கணித வகுப்புக்காகக் கைபேசியைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் ஒரு மாணவன், 'வகுப்பு சற்று நேரத்தில் தொடங்கும்' என்ற வாசகத்தின் கீழே ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வரும் எண்களையும், அதே கைபேசியின் மேல்மூலையிலுள்ள கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பானாயின், ஒரு விசித்திரத்தைக் காண்பான். கடிகாரம் ஏழு என்று காட்டிவிட்ட பிறகும், திரையிலுள்ள எண் இன்னும் பதினெட்டு விநாடி மீதியிருப்பதாகச் சொல்லும். அடுத்த தெருவிலுள்ள தோழியைத் தொலைபேசியில் கேட்டால், தன் திரையில் பதினொன்றுதான் இருக்கிறது என்பாள். வகுப்பை நடத்தும் ஆசிரியையின் கணினியிலோ பூஜ்யம் வந்து போய், அவர் வணக்கம் சொல்லிப் பாடத்தையும் ஆரம்பித்திருப்பார். மூவரின் கடிகாரங்களும் சரியாகவே ஓடுகின்றன. மூவரும் பார்ப்பது ஒரே படத்தைத்தான். அப்படியானால் பிழை எங்கே இருக்கிறது?

பிழை எங்குமில்லை என்பதுதான் பதில். ஆனால் அந்தப் பதில் ஏன் சரியானது என்பதை உணர்ந்துகொண்டால்தான், காத்திருப்போருக்கான அந்த முகப்புக் காட்சியை எப்படிக் கட்டுவது, எதை அதில் வைக்கலாம், எதை வைக்கலாகாது என்பது தெளிவாகும்.

தாமதத்தின் பிறப்பிடம்

ஆசிரியையின் கணினியிலிருந்து புறப்படும் படம் முதலில் சுருக்கப்படுகிறது. பிறகு இணையத்தின் வழியே யூடியூபின் கணினிகளைச் சென்றடைகிறது. அங்கே வேகமான இணைப்பு உள்ளவர்க்கும் மெதுவான இணைப்பு உள்ளவர்க்கும் தனித்தனியாகப் பல அளவுகளில் மறுபடி தயாரிக்கப்பட்டு, சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்படுகிறது. பார்ப்பவரின் கைபேசி அத்துண்டுகளை வரவர உடனே காட்டிவிடுவதில்லை. இணைப்பு நடுவில் சிறிது தடுமாறினாலும் படம் நின்றுவிடக்கூடாதே என்னும் முன்ஜாக்கிரதையால், சில துண்டுகளைக் கையிருப்பில் சேர்த்துக்கொண்ட பிறகே காட்டத் தொடங்குகிறது. இந்தக் கையிருப்பு கைபேசிக்குக் கைபேசி வேறுபடுவதே, ஒருவன் பதினெட்டையும் மற்றொருத்தி பதினொன்றையும் காண்பதற்குக் காரணம்.

யூடியூப் இந்தத் தாமதத்தைக் குறைத்துக்கொள்ள Normal latency, Low latency, Ultra low-latency என்று மூன்று நிலைகளைத் தருகிறது. தாமதத்தைக் குறைத்தால் கையிருப்பும் குறையும். கையிருப்பு குறைந்தால் இணைப்பு மந்தமான வீடுகளில் படம் அடிக்கடி நின்று நின்று ஓடும். ஆகவே நடுநிலையைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலான வகுப்புகளுக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். ஜூம், மீட் போன்ற உரையாடல் செயலிகளில் இந்தக் கையிருப்பு மிகமிகச் சிறியதாகையால், நாம் சொன்ன விசித்திரம் அங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை.

இப்பொழுது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நண்பருக்கு எழுதும் கடிதத்தில் 'இப்பொழுது மணி ஏழு' என்று ஒருவர் எழுதினால், அது படிக்கப்படும் வேளையில் பொய்யாகிவிடும். 'இன்னும் மூன்று வரிகளில் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்' என்று எழுதினாலோ, எந்நாளில் எவர் படித்தாலும் அது உண்மையாகவே இருக்கும். நேரலையும் அத்தகைய கடிதமே. முகப்புக் காட்சியில் ஓடும் கடிகாரம் ஒன்றை வைத்தால், அது ஒவ்வொரு மாணவனுக்கும் வெவ்வேறு அளவில் தவறாக இருக்கும். மீதி நேரத்தை வைத்தாலோ, அது எல்லோருக்கும் சரியாக இருக்கும். ஏனெனில் எண்ணும் அதைத் தொடர்ந்து வரும் பாடமும் ஒரே தாமதத்துடன் ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேர்கின்றன. மாணவனின் திரையில் பதினெட்டு என்று இருந்தால், மெய்யாகவே பதினெட்டு விநாடி கழித்துத்தான் அவனுக்கு ஆசிரியையின் குரல் கேட்கும். திரை எண்ணுவது ஏழு மணியை நோக்கியன்று, வகுப்பை நோக்கி.

சிலர் தாமதத்தை ஈடுசெய்வதாக எண்ணிக்கொண்டு, இலக்கைப் பதினைந்து இருபது விநாடி முன்னதாக அமைத்துவிடுகிறார்கள். தாமதம் ஆளுக்கு ஆள் மாறுவதால் இம்முயற்சி ஒருவருக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. அன்றியும், முன்னதாக வந்து காத்திருந்தவர்க்குப் பூஜ்யத்துக்குப் பின் ஒரு வெற்றிடத்தையே அது உண்டாக்குகிறது.

காட்சியும் மூலங்களும்

இத்தகைய முகப்பைக் கட்டுவதற்குப் பெரிதும் பயன்படும் கருவி ஓபிஎஸ் ஸ்டுடியோ என்னும் இலவச மென்பொருள். 2012இல் ஹியூ பெய்லி என்பவர் தொடங்கிய இதன் மூலநிரல் எவரும் பார்க்கவும் திருத்தவும் திறந்தே இருக்கிறது. திரையில் ஒரு வேளையில் தோன்றும் முழு அமைப்பை அது Scene என்று அழைக்கிறது. நாம் காட்சி என்போம். காட்சிக்குள் வைக்கப்படும் படம், எழுத்து, காமிரா, ஒலி முதலான ஒவ்வொன்றும் ஒரு மூலம். அவை Sources என்ற பெட்டியில் வரிசையாக நிற்கும். வரிசையில் மேலே நிற்பது திரையில் முன்னால் தெரியும். பின்னணிப் படம் எழுத்தை மறைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டு திகைப்பவர்கள், வரிசையில் அதைக் கீழே இறக்கினால் போதும்.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணத்தில் இரண்டே காட்சிகள். முகப்பு என்ற காட்சியில் பின்னணிப் படமும், பாடத்தின் தலைப்பும், மீதி நேரமும் இருக்கும். வகுப்பு என்ற காட்சியில் காமிராவும் பாடப் பலகையும் ஒலிவாங்கியும் இருக்கும். ஆசிரியை 6.50க்கு முகப்புடன் நேரலையைத் தொடங்கி, ஏழு மணிக்கு வகுப்புக் காட்சிக்கு மாறுகிறார்.

தமிழில் எழுதுபவர்க்கு இங்கே ஒரு தனிப்பட்ட தொல்லை காத்திருக்கிறது. ஓபிஎஸ் தரும் எழுத்து மூலங்களில் Text (FreeType 2) என்பது எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவைக்குமேயன்றி, அவற்றை இணைத்து வடிவம் கொடுக்க அறியாது. அதனால் 'கெ' என்பதில் மெய்க்கு இடப்பக்கம் வரவேண்டிய கொம்பு வலப்பக்கம் போய் நிற்கும். தமிழ் வாசகத்தை இணையப் பக்கமாக எழுதி, Browser என்ற மூலத்தின் வழியே காட்டினால் இந்தக் கோளாறு நேராது. ஏனெனில் அம்மூலத்துக்குள் இருப்பது குரோமியம் என்னும் முழு உலாவி. மீதி நேரத்தையும் அதே வழியில் காட்டப்போகிறோம்.

எண்ணும் இரு முறைகள்

மீதி நேரத்தைக் கணக்கிட இரண்டு மார்க்கங்கள் உண்டு. முதலாவது, 600 என்று தொடங்கி, விநாடிக்கு ஒருமுறை ஒன்றைக் கழித்துக்கொண்டே வருவது. ஓபிஎஸ்ஸுடனேயே வரும் countdown.lua என்ற சிறு நிரல் இம்முறையைத்தான் கையாளுகிறது. இரண்டாவது, ஏழு மணி என்ற இலக்கு நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கணினியின் கடிகாரத்தைப் பார்த்து, இலக்கிலிருந்து அதைக் கழித்து, வந்த மீதியைக் காட்டுவது. மேலோட்டமாகப் பார்க்கையில் இரண்டும் ஒன்றே என்று தோன்றும். சிறிது கணக்கிட்டுப் பார்த்தால் எவ்வளவு வித்தியாசம் என்பது பிரத்தியட்சமாகும்.

'ஒரு விநாடி கழித்து என்னை எழுப்பு' என்று நிரல் கேட்டுக்கொண்டால், கணினி அதைச் சரியாக ஒரு விநாடியில் எழுப்பிவிடுவதில்லை. படத்தைச் சுருக்குவது, காமிராவைப் படிப்பது, இணையத்துக்கு அனுப்புவது என்று அதற்கு ஓயாத வேலை இருப்பதால், கேட்ட நேரத்துக்கு முன்னதாக எழுப்பாது என்பது மட்டுமே உறுதி. சற்றுப் பின்னதாக எழுப்புவது சகஜம். ஒவ்வொரு முறையும் வெறும் 4 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு, தாமதம் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். முதல் முறையில், 600 தடவை கழித்து முடிக்கும்போது 600 தாமதங்களும் ஒன்றுகூடி 2.4 விநாடி ஆகிவிடுகின்றன. ஆகவே பூஜ்யம் ஏழு மணிக்கு வராமல் 2.4 விநாடி பிந்தி வரும். நடுவில் ஆசிரியை கனமான பாடக்கோப்பு ஒன்றைத் திறக்க, கணினி மூன்று விநாடி திணறிவிட்டால், அந்த மூன்றும் இதனுடன் சேர்ந்துகொள்ளும். பழைய கடனைத் தீர்க்கும் வழியே இம்முறைக்குக் கிடையாது.

இரண்டாம் முறையில் கடனே சேர்வதில்லை. நிரல் எவ்வளவு பிந்தி எழுந்தாலும், எழுந்தவுடன் கடிகாரத்தைத்தான் பார்க்கிறது. முன்பு நேர்ந்த தாமதங்களைப் பற்றி அதற்கு நினைவே இல்லை. மூன்று விநாடி திணறல் நேர்ந்தால் எண் சிறிது நேரம் அசையாமல் நின்று, பிறகு மூன்று படி ஒரேயடியாக இறங்கிச் சரியான இடத்தில் வந்து நிற்கும்.

ஆயினும் இதற்கும் ஒரு சிறு குறை உண்டு. 1.004 விநாடிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்க்கும் நிரல், ஒவ்வொரு பார்வையிலும் விநாடி எல்லையிலிருந்து 4 மில்லி விநாடி நகர்ந்துகொண்டே போகிறது. 250 பார்வைகளில் அந்நகர்வு ஒரு முழு விநாடியாகிவிடும். அப்பொழுது ஓர் எண் திரையில் தோன்றாமலே போய்விடும். பத்து நிமிஷத்தில் இப்படி இரண்டு எண்கள் காணாமற்போகலாம். 4:17க்குப் பின் 4:15 வருவதை எல்லோரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் கடைசிப் பத்தில் 7க்குப் பின் 5 வந்தால் வகுப்பே சிரிக்கும். பரிகாரம் எளியது: விநாடிக்கு ஒருமுறைக்குப் பதிலாக ஐந்து முறை பார்க்கச் சொல்வது. அப்பொழுது ஒவ்வோர் எண்ணையும் ஏறத்தாழ ஐந்து தடவை காண வாய்ப்பிருப்பதால் எதுவும் தப்பாது. எண் மாறுவது அதிகமாய்ப் போனால் ஐந்திலொரு பங்கு விநாடி பிந்தும், அது கண்ணுக்குப் புலப்படாது.

முதல் முறையை நான் தள்ளிவிடச் சொல்வதற்கு இன்னும் வலுவான காரணம் ஒன்றுண்டு. 6.55க்கு ஆசிரியை காமிரா சரியாகத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக ஒரு கணம் வகுப்புக் காட்சிக்குப் போய்த் திரும்புகிறார் என்று கொள்வோம். countdown.lua, தன் மூலம் மறுபடி திரைக்கு வந்ததும், 10:00 என்று ஆதியிலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். இலக்கு நேரத்தை நம்பும் முறையோ 5:00 என்றே காட்டும்.

நிரலும் அதன் கணக்கும்

கீழ்க்காணும் வரிகளை ஓர் எழுத்துத் திருத்தியில் தட்டி, timer.html என்ற பெயரில், யூ.டி.எஃப்-8 குறிமுறையில் சேமிக்கவேண்டும்.

```html
<!doctype html>
<meta charset="utf-8">
<style>
#t { font: 110px sans-serif; color: white; text-align: center;
     font-variant-numeric: tabular-nums; }
</style>
<div id="t"></div>
<script>
const target = new Date();
target.setHours(19, 0, 0, 0);
const t = document.getElementById("t");
function show() {
  const s = Math.ceil((target - Date.now()) / 1000);
  const m = Math.floor(s / 60);
  t.textContent = s > 0
    ? m + ":" + String(s % 60).padStart(2, "0")
    : "வகுப்பு தொடங்குகிறது";
}
show();
setInterval(show, 200);
</script>
```

பின்பு முகப்புக் காட்சியில் Browser மூலம் ஒன்றைச் சேர்த்து, Local file என்பதைக் குறியிட்டு, இக்கோப்பைக் காட்டவேண்டும். அகலம் 1800, உயரம் 400 என்று கொடுத்தால் கடைசி வாசகத்துக்கும் இடம் போதும். பின்னணியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓபிஎஸ் அதைத் தானே ஒளிபுகுவதாக ஆக்கிவிடும்.

கணக்கு நடக்கும் விதத்தை ஒரு கணத்தை நிறுத்திவைத்துப் பார்க்கலாம். மணி 6.52 தாண்டிப் பதினேழரை விநாடிக்குச் சற்றுக் குறைவு, 17.4 என்று கொள்வோம். ஏழு மணிக்கு மீதி 462.6 விநாடி. Math.ceil அதை அடுத்த முழு எண்ணான 463க்கு ஏற்றுகிறது, அதில் ஏழு நிமிஷம் போக 43 மிச்சம், திரையில் 7:43. ஏன் மேலே ஏற்றவேண்டும், கீழே இறக்கினால் என்ன என்ற சந்தேகம் எழலாம். கீழே இறக்கினால், மீதி ஒரு விநாடிக்குக் குறைந்த மாத்திரத்திலேயே பூஜ்யம் தோன்றி, வகுப்புக்கு முன்னால் ஒரு முழு விநாடி வெறுமனே நிற்கும். மேலே ஏற்றினால் 1 என்ற எண் தனக்குரிய முழு விநாடியும் நின்று, சரியாக ஏழு மணிக்கு வாசகம் மாறும். விண்வெளிக் கலத்தை ஏவுவோருக்கு மட்டுமல்ல, வாயால் 'மூன்று, இரண்டு, ஒன்று' என்று எண்ணும் குழந்தைக்கும் இந்த வழக்கம் தெரியும்.

tabular-nums என்பது அலங்காரமன்று. பல எழுத்துருக்களில் 1 மெலிந்தும் 8 அகன்றும் இருப்பதால், எண் மாறும்போதெல்லாம் நடுவில் நிறுத்திய வரி இப்புறமும் அப்புறமும் துள்ளும். இந்த ஒரு சொல், எழுத்துருவில் அதற்கு வசதி இருக்குமாயின், எல்லா எண்களுக்கும் சம அகலம் கொடுத்துத் துள்ளலை அடக்கிவிடும்.

இவ்வளவும் கணினியின் கடிகாரத்தை நம்பியே நிற்கிறது. அதற்கு ஆதாரமாக இருப்பது ஓயாமல் அதிரும் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். அதன் அதிர்வு பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலும், ஒரு நாளுக்கு 1.7 விநாடி தவறும். ஒரு மாதம் கவனியாமல் விட்டால் ஐம்பது விநாடி. இதைத் திருத்துவதற்காகவே டேவிட் மில்ஸ் 1985இல் வகுத்தளித்த என்.டி.பி. என்ற நெறிமுறைப்படி, கணினிகள் இணையத்திலுள்ள நேர நிலையங்களைக் கேட்டுத் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. விண்டோஸில் தேதி நேர அமைப்பிலுள்ள Sync now என்ற பொத்தானை வகுப்பு நாளன்று ஒருமுறை அழுத்திவிடுவது போதுமானது.

ஊமையாக இருக்கவேண்டிய பத்து நிமிஷம்

முகப்புக் காட்சியில் நேரும் விபத்துகளில் மிகவும் சங்கடமானது எண்ணைச் சேர்ந்ததன்று, ஒலியைச் சேர்ந்தது. திரையில் அழகிய படமும் எண்ணும் ஓடிக்கொண்டிருக்கையில், ஆசிரியை சமையலறையை நோக்கிக் கூவுவதும், நாற்காலியை இழுப்பதும் மாணவர் அனைவருக்கும் கேட்டுக்கொண்டிருக்கும். காட்சியில் ஒலிவாங்கியைச் சேர்க்கவேயில்லையே, எப்படிக் கேட்டது என்று அவர் பின்னால் வியப்பார்.

காரணம் இதுதான். ஓபிஎஸ்ஸின் Settings பகுதியில் Audio என்பதன் கீழ் Mic/Auxiliary Audio என்று குறிக்கப்படும் ஒலிவாங்கி, எந்தக் காட்சிக்கும் சொந்தமில்லாமல் எல்லாக் காட்சிகளுக்கும் பொதுவானது. அதை அங்கே Disabled என்று மாற்றிவிட்டு, வகுப்புக் காட்சிக்குள் மட்டும் Audio Input Capture என்ற மூலமாக ஒலிவாங்கியைச் சேர்த்தால், முகப்பு நிற்கும் வரையில் அது தானாகவே ஊமையாயிருக்கும். காட்சி மாறியதும் வாய் திறக்கும். சரியாக அமைந்திருக்கிறதா என்பதை அறிய, முகப்பில் இருந்தபடியே கையைத் தட்டி, Audio Mixer பெட்டியைப் பார்க்கவேண்டும். பச்சைக் கோடு எதுவும் துள்ளாவிட்டால் பயமில்லை.

பூரண நிசப்தமும் நல்லதன்று; ஒலியே வராவிட்டால் மாணவன் தன் கைபேசியில்தான் கோளாறு என்று எண்ணி அதைக் குடையத் தொடங்குவான். மெல்லிய தம்பூரா சுருதியைத் தாமே பதிவுசெய்து, Media Source மூலமாகச் சுழலவிடுவது உத்தமம். சினிமாப் பாட்டைப் போட்டால், யூடியூபின் உரிமைச் சோதனை அதைக் கண்டுபிடித்து, பதிவு முழுவதற்கும் வில்லங்கம் உண்டாக்கக்கூடும்.

பூஜ்யத்தில்

எண் தீர்ந்ததும் காட்சி தானாக மாறும்படி செய்ய முடியும். அதற்கென்றே துணை நிரல்கள் இருக்கின்றன. ஆனால் ஆசிரியை அந்த நேரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் மாணவர்கள் காண்பது அதையே. ஆகையால் கையால் மாற்றுவதையே நான் விரும்புகிறேன். எண்ணுக்குப் பதிலாக 'வகுப்பு தொடங்குகிறது' என்ற வாசகம் வந்துவிடுவதால், அரை நிமிஷம் பிந்தினாலும் எவருக்கும் உறுத்தாது; கழித்துக்கொண்டே போய் -0:25 என்று காட்டும் நிரல்தான் ஆசிரியையைக் காட்டிக்கொடுக்கும்.

மின்சாரம் தடைப்பட்டோ வேறு காரணத்தாலோ வகுப்பை 7.05க்குத் தள்ளவேண்டி வந்தால், கோப்பில் 19, 0 என்பதை 19, 5 என்று திருத்திச் சேமித்து, அந்த மூலத்தின் அமைப்பைத் திறந்து Refresh cache of current page என்பதை அழுத்தினால், எண் அக்கணமே புதிய இலக்கை நோக்கி ஓடத் தொடங்கும். இலக்கு நேர முறையின் ஒரே அசௌகரியமும் இதில்தான் இருக்கிறது. வகுப்பின் மணி மாறும்போதெல்லாம் கோப்பைத் திருத்தவேண்டும். இரவு ஒன்பது மணிக்கு நிதானமாக உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பவர்க்கு, அன்றைய ஏழு மணி கடந்துவிட்டபடியால், எண் ஒன்றும் வராமல் 'வகுப்பு தொடங்குகிறது' என்ற வாசகம் மட்டுமே தெரியும். நிரல் கெட்டுவிட்டதென்று அவர்கள் அதை அழித்துவிடுவதுண்டு. சோதனைக்காக மணியை 21, 10 என்று தற்காலிகமாக மாற்றிப் பார்த்து, எண் ஓடுவதைக் கண்டபின் மறவாமல் 19, 0 என்று திருப்பிவைக்கவேண்டும்.